டோஸ் கணக்கு: வகுப்பில் ஒரு வரியில் முடிந்ததைப் படிப்படியாக விரித்து எழுதுவது எப்படி

டி.பார்ம், பி.பார்ம், நர்சிங் படிப்பவர்களின் நோட்டில் டோஸ் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"12 கிலோ குழந்தை. அமாக்சிசிலின் 40 மி.கி. பெர் கேஜி பெர் டே, மூணு வேளை. சிரப் 125 பை 5. ஆன்சர் 6.4 எம்.எல்."

போர்டில் போட்டவருக்கு இதில் எல்லாம் தெரியும். வீட்டுக்குப் போய் நோட்டைத் திறப்பவருக்கு 6.4 எப்படி வந்தது என்று தெரியாது. நடுவில் நாலு படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் அலகு மாறுகிறது. அந்த ஒரு வரியை முழுக் கணக்காக விரித்து, படிக்குப் படி அலகைச் சரிபார்ப்பதுதான் இந்தப் பதிவு. கையில் ஒரு பேனாவும் பென்சிலும் போதும்.

படி 1: எண்களை அலகோடு பிரித்து எழுதுங்கள்

முதலில் கணக்கே போட வேண்டாம். வகுப்பில் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் தனி வரியில், முழு அலகோடு எழுதுங்கள்.

```
எடை       = 12 kg
மருந்தளவு   = 40 mg/kg/day
வேளைகள்   = 3 dose/day
சிரப்        = 125 mg / 5 mL
வேண்டியது   = ? mL/dose
```

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். "மூணு வேளை" என்பதை வெறும் 3 என்று எழுதவில்லை, ஒரு நாளைக்கு 3 டோஸ் என்று அலகு கொடுத்திருக்கிறோம். விடையும் வெறும் மில்லிலிட்டர் அல்ல, ஒரு வேளைக்கு இத்தனை மில்லிலிட்டர். டோஸ், நாள் இரண்டையும் கிலோ, மில்லிகிராம் மாதிரி அலகுகளாகவே நடத்த வேண்டும். பாடப்புத்தகங்கள் இதைப் பல நேரம் விட்டுவிடுகின்றன. அதனால் வரும் தவறைக் கீழே பார்ப்போம்.

படி 2: ஒரு வரிக்கு ஒரு மாற்றம்

ஒரு வரியில் ஒரு பெருக்கலோ ஒரு வகுத்தலோதான். வரி முடிந்ததும் எந்த அலகு அடிபட்டது, எது மிஞ்சியது என்று பென்சிலால் பக்கத்தில் எழுதுங்கள்.

```
அ) 40 mg/kg/day × 12 kg     = 480 mg/day
   kg அடிபட்டது. மிச்சம் mg/day

ஆ) 480 mg/day ÷ 3 dose/day  = 160 mg/dose
   day அடிபட்டது. மிச்சம் mg/dose

இ) 125 mg ÷ 5 mL            = 25 mg/mL

ஈ) 160 mg/dose ÷ 25 mg/mL   = 6.4 mL/dose
   mg அடிபட்டது. மிச்சம் mL/dose
```

கடைசியில் மிஞ்சிய அலகும் முதல் படியில் "வேண்டியது" என்று எழுதிய அலகும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கிறது.

இப்போது ஆ) வரியை மட்டும் மறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 480ஐ நேராக 25ஆல் வகுத்தால் 19.2 வரும். அலகே எழுதாமல் போட்டவர் நோட்டில் "19.2 எம்.எல்." என்று இருக்கும். பார்க்க எந்தக் குறையும் தெரியாது. சிரப் அளவுதானே, மில்லிலிட்டரில்தானே இருக்கிறது! ஆனால் அது ஒரு முழு நாளின் மருந்து. அதை வேளைக்கு வேளை கொடுத்தால் குழந்தைக்கு மூன்று மடங்கு போகும். அலகை எழுதிக்கொண்டே வந்தவருக்கு அதே இடத்தில் 19.2 mL/day என்று வந்து நிற்கும். வேண்டியது mL/dose. பொருந்தவில்லை என்பது உடனே கண்ணில் படும்.

19.2 என்பது தவறான எண்ணும் அல்ல, அதற்கு வேறு வேலை இருக்கிறது. மருந்து எடுத்துக் கொடுக்கும்போது எத்தனை பாட்டில் என்று பார்க்க வேண்டுமே:

```
19.2 mL/day × 5 day = 96 mL
```

ஐந்து நாளுக்கு 60 மில்லி பாட்டில் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒரே எண் mL/day என்றால் பாட்டில் கணக்குக்குச் சரி, mL/dose என்றால் ஆபத்து.

படி 3: விடையிலிருந்து திரும்பி வாருங்கள்

விடையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். இதற்கு மேலே போட்ட கணக்கைப் பார்க்கக் கூடாது.

```
6.4 mL/dose × 25 mg/mL    = 160 mg/dose
160 mg/dose × 3 dose/day  = 480 mg/day
480 mg/day ÷ 12 kg        = 40 mg/kg/day
```

டாக்டர் எழுதிய 40 திரும்பக் கிடைத்துவிட்டது. இந்தத் திரும்பும் வழி இன்னொன்றுக்கும் உதவும். அரை மில்லிக்கு ஒரு கோடு போட்ட சிரிஞ்சில் 6.4 அளக்க முடியாது, 6.5தான் அளக்க முடியும். 6.5ஐ வைத்துத் திரும்பி வந்தால் ஏறக்குறைய 40.6 mg/kg/day. வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று இப்போது எண்ணாகவே தெரிகிறது.

படி 4: கஷ்டமான கணக்குக்கு வாருங்கள்

அடுத்து எல்லா வகுப்பிலும் வரும் டோபமைன் கணக்கு. ஐ.சி.யூ.வில் சிரிஞ்ச் பம்பில் ஓடும் மருந்து. போர்டில் ஃபார்முலா இப்படி வரும்: டோஸ் பெருக்கல் எடை பெருக்கல் 60, வகுத்தல் மருந்தின் செறிவு. உதாரணத்துக்கு எடுக்கும் நோயாளி எப்போதும் 60 கிலோ.

நோட்டில் ஏற்றும்போது அந்த எடையை முதலில் மாற்றிவிடுங்கள். எடையும் 60, ஒரு மணி நேரத்தில் இருக்கும் நிமிடமும் 60 என்றால் எந்த 60 எங்கே போனது என்று யாருக்கும் புரியாது. ஒன்றை விட்டாலும் தெரியாது. நான் 52 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன்.

```
எடை       = 52 kg
மருந்தளவு   = 5 mcg/kg/min
சிரிஞ்சில்    = 200 mg / 50 mL
வேண்டியது   = ? mL/hr
```

சிரிஞ்சில் இருப்பது மில்லிகிராமில், மருந்தளவு மைக்ரோகிராமில். மருந்தளவு நிமிடத்துக்கு, வேண்டியது மணிக்கு. ஆகவே இரண்டு மாற்றங்கள், இரண்டுக்கும் தனித்தனி வரி.

```
அ) 5 mcg/kg/min × 52 kg     = 260 mcg/min
ஆ) 260 mcg/min × 60 min/hr  = 15600 mcg/hr
இ) 15600 mcg/hr ÷ 1000 mcg/mg = 15.6 mg/hr
ஈ) 200 mg ÷ 50 mL           = 4 mg/mL
உ) 15.6 mg/hr ÷ 4 mg/mL     = 3.9 mL/hr
```

ஆ), இ) இரண்டிலும் அலகோடு எண்ணின் திசையையும் பாருங்கள். நிமிடத்திலிருந்து மணிக்குப் போனால் மருந்தின் அளவு கூட வேண்டும், 260 என்பது 15600 ஆனது சரி. அதே மருந்தை mcg என்ற சின்ன அலகிலிருந்து mg என்ற பெரிய அலகுக்கு மாற்றினால் எண் குறைய வேண்டும், 15600 என்பது 15.6 ஆனதும் சரி. ஆயிரத்தால் பெருக்குவதா வகுப்பதா என்று குழம்பும்போது, எண் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்ற கேள்வி ஒன்றே போதும்.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் வழுக்கும். இ) வரியை விட்டால் 15600ஐ 4ஆல் வகுத்து 3900 mL/hr என்று வரும். மணிக்கு நாலு லிட்டர்! இதை யாரும் நம்ப மாட்டார்கள், தானாகவே பிடிபட்டுவிடும். ஆ) வரியை விட்டால்தான் சங்கடம். 0.065 என்று வரும். சின்ன எண், பார்த்தால் பதற்றம் வராது. ஆனால் அதன் உண்மையான அலகு mL/min. அதை மணிக்கு என்று பம்பில் போட்டால் நோயாளிக்கு வேண்டியதில் அறுபதில் ஒரு பங்குதான் போகும், ரத்த அழுத்தம் ஏறாது. அலகை எழுதியவர் மட்டுமே இதைப் பிடிப்பார்.

திரும்பி வரும் வழியை நீங்களே போட்டுப் பாருங்கள். 3.9ல் தொடங்கி 5ல் முடிய வேண்டும்.

எழுதும் முறையிலும் ஒன்று. மைக்ரோகிராமை mcg என்றே எழுதுங்கள். கிரேக்க எழுத்துப் போட்டுக் கையால் எழுதினால் அது mg மாதிரி தெரியும், அங்கேயே ஆயிரம் மடங்கு போய்விடும். 5 என்பதை 5.0 என்று எழுத வேண்டாம், புள்ளி மங்கினால் 50. அரையை .5 என்று விடாமல் 0.5 என்று எழுதுங்கள்.

படி 5: அலகு பிடிக்காத தவறுக்குத் தனி வரி

அலகு எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு தப்பாகும் இடங்கள் உண்டு. டோபமைன் 200 மி.கி. ஆம்ப்யூல் 5 மில்லி இருக்கும். அதோடு 45 மில்லி சேர்த்தால்தான் மொத்தம் 50. அவசரத்தில் 50 மில்லி எடுத்து அதில் ஆம்ப்யூலைச் சேர்த்தால் மொத்தம் 55 ஆகிவிடும். செறிவு 4 அல்ல, சுமார் 3.64 mg/mL. பம்பில் 3.9 ஓடினாலும் நோயாளிக்குப் போவது 5 அல்ல, ஏறக்குறைய 4.5 mcg/kg/min. கணக்கில் ஒரு அலகு கூடப் பிசகவில்லை, பிசகியது கலக்கியதில்.

பாராசிட்டமாலும் அப்படித்தான். 125 பை 5 சிரப்பில் ஒரு மில்லிக்கு 25 மி.கி. குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. இரண்டுக்கும் அலகு mg/mL. பாட்டிலை மாற்றி எடுத்தால் நாலு மடங்கு வித்தியாசம், அலகுச் சோதனை வாயே திறக்காது.

அதனால் ஒவ்வொரு கணக்கின் தலையிலும் "லேபிளில் இருப்பது" என்று ஒரு வரி விடுங்கள். மருந்தின் பெயர், சிரப்பா டிராப்ஸா ஆம்ப்யூலா, எத்தனை மி.கி., எத்தனை மில்லியில், கலக்கிய பின் மொத்தம் எத்தனை மில்லி. இதை நோட்டைப் பார்த்து நிரப்பக் கூடாது, பாட்டிலையோ அட்டையையோ பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

படி 6: பயிற்சித் தாளாக மாற்றுங்கள்

விரித்து எழுதிய கணக்கை மூன்று முறை நகல் எடுங்கள். முதல் நகலில் கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு நிரப்புங்கள். அடுத்ததில் கடைசி இரண்டு வரி. மூன்றாவதில் எண்கள் எல்லாம் இருக்கட்டும், அலகுகளை மட்டும் அழித்துவிடுங்கள். 480, 160, 25, 6.4 என்று எண்கள் மட்டும் நிற்கும்போது எது எதற்கு என்று எழுத முயலுங்கள். என்னிடம் படிப்பவர்கள் முதலில் தடுமாறுவது இந்த மூன்றாவது தாளில்தான். தடுமாறிய வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். அடுத்த முறை எடையையும் சிரப்பின் அளவையும் மாற்றிப் போடும்போது அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.