ஆஃபர் லெட்டரில் 21,602, கையில் 13,687: முதல் சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

காரைக்குடியில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் என் அக்கா மகன் கிளார்க்காகச் சேர்ந்தான். ஜூன் மாதச் சம்பளம் ஏறிய அன்று சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

"மாமா, வருசத்துக்கு 2,59,224ன்னு போட்டிருக்கான். பன்னிரண்டால வகுத்தா 21,602. வந்தது 13,687. ஆத்தாகிட்ட இருபத்தோராயிரம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"லெட்டரையும் பே ஸ்லிப்பையும் எடு மாப்ளே" என்றேன். முப்பது வருடம் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். இந்தப் பஞ்சாயத்து எனக்குப் புதிதில்லை. உங்கள் கையிலும் முதல் பே ஸ்லிப் இருந்தால் நாங்கள் போன வழியிலேயே வாருங்கள்.

படி 1: ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கம்

பெரிய தொகை முதல் பக்கத்தில் இருக்கும். அதன் பிரிவினை பின்னிணைப்பில் இருக்கும். அதைப் பையன் படிக்கவே இல்லை. சி.டி.சி. என்பது உங்களுக்காக முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு மாதாமாதம் வராததும் சேர்ந்திருக்கும்.

அவன் லெட்டரில் மாதத்துக்கு பேசிக் 12,000, வீட்டு வாடகைப் படியும் மற்ற படிகளும் 6,000. ஆக மொத்தச் சம்பளம் 18,000. மீதி 3,602 எங்கே? முதலாளி கட்டும் பி.எஃப். 1,440 (பேசிக்கில் 12%), முதலாளி கட்டும் இ.எஸ்.ஐ. 585 (மொத்தச் சம்பளத்தில் 3.25%), பணிக்கொடைக்கு 577, தீபாவளி போனஸை மாதமாக்கிய 1,000. பணிக்கொடைக்குப் பொதுவாக 5 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அதைச் சம்பளத்தோடு கூட்டிக் காட்டுவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

"அப்ப எனக்குப் பேசின சம்பளம் 18,000தானா?"

ஆமாம். வேலைக்குச் சேருமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. என் தாத்தா மூணு வருசக் கணக்குக்குப் பர்மா போனபோது, சம்பளத்தில் வீட்டில் எவ்வளவு, திரும்பி வந்தபின் எவ்வளவு என்று பேசிவிட்டுத்தான் கப்பல் ஏறினாராம்.

படி 2: எத்தனை நாள் சம்பளம்?

பே ஸ்லிப்பின் மேல் மூலையில் 'Paid Days: 25' என்று சின்னதாக இருந்தது. அவன் சேர்ந்தது ஜூன் 6. அதனால் 18,000-ஐ 30-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கி, 15,000 போட்டிருக்கிறார்கள். பேசிக்கும் அதேபோல் 10,000 ஆகிவிட்டது. 3,000 குறைந்தது இதில்தான். சில இடங்களில் 26-ஆல் வகுப்பார்கள், உங்கள் ஆபீஸில் எது வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: பிடித்தம்

அவன் பங்கு பி.எஃப். 1,200 (10,000-த்தில் 12%). அவன் பங்கு இ.எஸ்.ஐ. 0.75% என்றால் 112.50, அதை அடுத்த ரூபாய்க்கு ஏற்றி 113. இரண்டும் சேர்ந்து 1,313. மொத்தச் சம்பளம் மாதம் 21,000-க்குள் இருப்பதால்தான் அவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு.

திண்ணையில் கிடந்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினேன்:

```
21,602 - 3,602 = 18,000
18,000 - 3,000 = 15,000
15,000 - 1,313 = 13,687
```

பைசா இடிக்கவில்லை. இடித்தால் முதலில் பார்க்க வேண்டியது பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தம் போட்டிருக்கும் இடம். அங்கே 1,200-க்குப் பதில் 2,400 இருந்தால், முதலாளி தன் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கிறார் என்று அர்த்தம். சட்டப்படி அப்படிப் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே சி.டி.சி.யில் கழித்ததை இரண்டாம் முறை கழிப்பதும் ஆகும். கணக்குப் பிரிவில் எழுதிக் கேளுங்கள்.

படி 4: பிடித்தது போய்ச் சேர்ந்ததா?

பே ஸ்லிப்பில் உங்கள் பி.எஃப்.புக்கான 12 இலக்க எண், யு.ஏ.என்., இருக்கும். ஜூன் பணத்தை முதலாளி ஜூலை 15-க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு சில நாள் விட்டு passbook.epfindia.gov.in தளத்தில் பாருங்கள். முதலாளி பங்கு முழுசாக 1,200 என்று தெரியாது. அதில் 833 ஓய்வூதியத்துக்குப் போய், மீதி 367தான் பி.எஃப்.பில் சேரும். இதைப் பார்த்துப் பதறி எனக்குப் போன் போட்டவர்கள் நிறையப் பேர்.

"அடுத்த மாசம் எவ்வளவு மாமா வரும்?"

18,000-த்தில் 1,440-ம் 135-ம் போக 16,425. அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குத் தொழில் வரி பிடிப்பார்கள். அந்த மாதம் மட்டும் கொஞ்சம் குறையும். காலண்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "இதை ஆத்தாகிட்ட நீங்களே சொல்லிருங்களேன் மாமா" என்றான்.