பலன்ஸ் ஷீற் ரலி ஆச்சு, ஆனா குட்வில் பிழை

கிளிநொச்சில கணக்கு வேலை செய்யிறன். எங்கட கம்பனி ஒரு அரிசி ஆலையின்ர 80% பங்கை 90 லட்சத்துக்கு வாங்கினது. இந்த வருசம் ரெண்டு பலன்ஸ் ஷீற்றையும் நான் சேர்த்தன், முதல் தரமே ரலி ஆச்சு, பெரிய சந்தோசம். பிறகு போன வருச கணக்கைப் பாத்தா குட்வில் 18 லட்சம், என்ர ஷீற்றில 10 லட்சம். இம்பெயார்மென்ற் ஒண்டும் போடேல்ல, முழு எஸ்எல்எஃப்ஆர்எஸ்ல குட்வில்லை வருசாவருசம் குறைக்கிறதும் இல்லை, பிறகு எப்பிடிக் குறையும்?

சீனியர் அண்ணை பாத்திட்டு, "தம்பி, எந்தத் திகதி ரிசேவை எடுத்தனீர்?" எண்டு கேட்டார். அங்கதான் பிழை. வாங்கேக்க ஆலையின்ர மூலதனம் 60, சேர்ந்த லாபம் 30, மொத்தம் 90 லட்சம். நான் இப்பத்தைய 100ஐ எடுத்திட்டன், வாங்கினாப் பிறகு உழைச்ச 10 லட்சமும் குட்வில் கணக்குக்க கரைஞ்சு போச்சு.

திருத்தினது இப்பிடி: குடுத்த 90ஓட மற்றாக்களின்ர 20% பங்கு 18ஐக் கூட்டி, வாங்கின நாள் 90ஐக் கழிச்சா குட்வில் 18. (அவையின்ர பங்கை சந்தைப் பெறுமதியில எடுத்திருந்தா வேற தொகை வரும், நாங்கள் விகிதப்படி எடுத்தனாங்கள்.) பிறகு வந்த 10ல 8 குழும லாபத்துக்கு, 2 அவையளுக்கு, அப்ப அவையின்ர பங்கு 20.

வேடிக்கை என்னண்டா என்ர பிழையான ஷீற்றிலயும் அது 20தான், குட்வில்லும் குழும லாபமும் ரெண்டும் 8 லட்சம் குறைஞ்சு நிண்டது, அதாலதான் ரலி ஆனது.