களைத்த ராத்திரியில் பழைய படமா, புதுசா?

இரவு ஒன்பதரைக்குச் சோபாவில் சாய்ந்தால் நான் முதலில் பார்ப்பது படத்தின் நீளத்தைத்தான். பதினொன்றுக்குத் தூங்க வேண்டுமென்றால் கையில் இருப்பது 90 நிமிடம். இரண்டே முக்கால் மணி நேரப் புதுப்படத்தைப் போட்டால் இடைவேளைக்குள் கண் சொருகிவிடும். மறுநாள் தொடர உட்கார்ந்தால் யாருக்கு யார் என்ன உறவு என்பதே மறந்திருக்கும்.

அன்றைக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ போதும். நான்கு கமலும் ஏற்கெனவே பழக்கம், எந்த இடத்தில் நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

புதுசுதான் வேண்டுமா? 90 நிமிடத்துக்குள் முடிகிற, சப்டைட்டில் தேவைப்படாத படமாக எடுங்கள். களைத்த கண்ணுக்குச் சப்டைட்டில் வீட்டுப்பாடம் மாதிரி. 20 நிமிடத்துக்குள் கை தானாகப் போனைத் தேடினால், சரி, கமலிடமே திரும்பிவிடுங்கள்.