மறுகொள்முதல் அளவு இ.ஓ.க்யூ.வைத் தாண்டினால் பதறாதீர்கள்

வருடத் தேவை 3,600 யூனிட், ஒரு ஆர்டருக்கான செலவு 100, ஒரு யூனிட்டை ஒரு வருடம் இருப்பில் வைக்க 8. அப்படியானால் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் செய்தால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்று சொல்லும் இ.ஓ.க்யூ. = √(2 × 3,600 × 100 ÷ 8) = 300. வருடத்துக்கு 360 நாள் என்று கணக்கில் கொடுத்திருந்தால் தினமும் 10 யூனிட் செலவாகும், 30 நாளுக்கு ஒரு ஆர்டர்.

இதுவரை சரி. சரக்கு வர 40 நாள் ஆகும் என்று சொல்லிவிட்டால்தான் சிக்கல். மறுகொள்முதல் அளவு, அதாவது இருப்பு எவ்வளவாகக் குறையும்போது அடுத்த ஆர்டரைப் போட வேண்டும் என்பது, 40 × 10 = 400 என்று வரும். கிடங்கில் அதிகபட்சமே 300தானே இருக்கும், 400க்கு இறங்குவது எப்படி? பலர் இங்கேதான் விடையை அடித்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அடித்தேன்.

விடை சரியானதுதான். அந்த 400 என்பது கையிருப்பும், ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் இருக்கும் சரக்கும் சேர்ந்தது. முந்தைய ஆர்டரின் 300 இன்னும் வந்து சேரவில்லை. அதனால் கையிருப்பு 100 ஆகும்போது அடுத்த ஆர்டரைப் போட வேண்டும். அந்த 100 பத்து நாளில் தீரும், பழைய ஆர்டரும் அன்றுதான் வந்து இறங்கும்.

பாதுகாப்பு இருப்பு 50 என்று கொடுத்தால் 400ஐ 450 ஆக்குங்கள், கையிருப்பு 150இல் ஆர்டர். இ.ஓ.க்யூ.வைத் தொட வேண்டாம்.