சலிப்பைப் போக்க சனிக்கிழமைப் படம் ஏன் போதாது?

திருமணமாகிப் பதினொரு வருடமான ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். சண்டை சச்சரவு கிடையாது. சனிக்கிழமை இரவானால் சோபாவில் அதே இடத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பார்கள். "சேர்ந்துதானே இருக்கிறோம், பிறகு ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது?" என்று அந்தப் பெண் ஒருநாள் கேட்டாள்.

பலரும் முதலில் செய்யும் தவறே இதுதான், இனிமையானதையும் புதியதையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் ஆர்தர் ஆரனும் உடன் பணியாற்றியவர்களும் தம்பதிகளைக் குழுக்களாகப் பிரித்து, பத்து வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து ஏதாவது செய்யச் சொன்னார்கள். ஒரு குழுவினருக்குத் தாங்கள் இனிமை என்று குறித்தவை, இன்னொரு குழுவினருக்குப் பரபரப்பு என்று குறித்தவை. மணவாழ்வில் திருப்தி கூடியது இரண்டாவது குழுவுக்குத்தான் அதிகம். அதே ஆரன் குழு 2000-இல் வெளியிட்ட சோதனை இன்னும் வேடிக்கை. கணவன் மனைவியின் கையையும் காலையும் ஒட்டுப்பட்டையால் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு தலையணையைக் கையால் தொடாமல் பிடித்துக்கொண்டு, விரிப்பில் தவழ்ந்து போகச் சொன்னார்கள். மொத்தம் ஏழு நிமிட வேலை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பந்தை மெதுவாக உருட்டச் சொன்ன மற்ற ஜோடிகளைவிட இவர்களுக்கு உறவின் மேல் பிடிப்பு கூடியிருந்தது.

பெரிய பயணமோ விலையுயர்ந்த பரிசோ தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இருவரும் கொஞ்சம் தடுமாறவும் சிரிக்கவும் வாய்ப்புள்ள வேலையாக இருந்தது, அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு பெரிய பயணம் போய்விட்டு மிச்ச ஐம்பது வாரமும் பழையபடி இருப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். புதுமை சீக்கிரம் பழகிவிடும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டும்.

அந்தத் தம்பதி செய்தது இது. படத்தை விடவில்லை, பாவம், அது ஓய்வுக்கு. புதன்கிழமை இரவு அரை மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். முதல் வாரம் வாசலில் இருந்து கிளம்பி, ஒவ்வொரு முனையிலும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் வலது, பூ விழுந்தால் இடது என்று நடந்தார்கள். நான்காவது சுண்டலில் ஒரு முட்டுச்சந்து. திரும்பி வரும்போது அவர் ஏதோ ஒரு மெட்டை விசிலடித்தார். இத்தனை வருடத்தில் அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் வாயால் விவரிக்கும் பொருளை மற்றவர் வரைந்தார்கள். கத்தரிக்கோல் என்று சொல்லாமல் கத்தரிக்கோலை விவரித்துப் பாருங்கள், தெரியும்.

நான்காவது வாரம் சொதப்பியது. நடந்துகொண்டே இருக்கும்போது பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பேச்சில் நுழைந்தது, வீடு திரும்பும் வரை கணக்குதான். அடுத்து ஐந்தாவது வாரம், அவருக்கு நன்றாக வரும் சதுரங்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அன்று அவள் மாணவி, அவர் வாத்தியார். இந்த இரண்டு தவறும் சகஜம். வீட்டு விவகாரத்துக்கு வேறொரு பதினைந்து நிமிடம், வேறொரு நாளில் வைத்துக்கொண்டால் முதலாவது சரியாகிவிடும். இரண்டாவதற்கு ஒரே நிபந்தனை: எடுக்கும் வேலை இருவருக்கும் புதிதாக இருக்கவேண்டும்.

அப்புறம், யோசனை சொல்லும் சுமை ஒருவர் தலையிலேயே விழுந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அலுத்துப்போனவர்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு, "நான்தான் எப்போதும்" என்று மனதுக்குள் கணக்கு வைப்பார். முறை மாற்றி ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், மற்றவர் மறுக்காமல் ஒருமுறை வரட்டும். நாளும் நேரமும் மட்டும் மாறாமல் இருந்தால் "இன்று என்ன செய்யலாம், எப்போது" என்ற பேச்சிலேயே அலுப்பு தட்டாது.

இந்தப் புதன்கிழமைச் சடங்கு செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? அடுத்து என்ன நடக்கும் என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்தால், ஒருவர் கண் போனுக்குப் போய்க்கொண்டே இருந்தால், ஒரு வாரம் தவறியதை யாருமே கவனிக்காவிட்டால் அது வழக்கமாகிவிட்டது. அந்த வேலையைத் தூக்கிப்போடுங்கள், புதன்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். சலிப்பு என்று நாம் சொல்வது சிலசமயம் சலிப்பே இல்லை, பேசாமல் விட்ட வருத்தம். சலிப்பில் பக்கத்தில் இருப்பவர் மீது கோபம் வராது, கொட்டாவிதான் வரும். அவர் சாதாரணமாக ஒன்று கேட்டாலே எரிச்சல் வருகிறதென்றால், நாணயம் சுண்டி நடந்தால் அந்த எரிச்சல் கூடவே நடந்து வரும். அந்தப் பேச்சை முதலில் பேசிவிட்டு வாருங்கள்.

அந்தத் தம்பதி இதைத் தொடங்கி இப்போது ஆறாவது மாதம். போன வாரம் அவர் முறை. இடது கையால் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்களாம். அவர் எழுதியதை அவளால் இன்னும் படிக்க முடியவில்லையாம்.