விவசாயியின் விற்பனைப் பதிவைத் திருத்தி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

விவசாயி காய் விற்கப் போடும் பதிவில் எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். விவசாயிக்கு நஷ்டம் வைக்கும் தவறுகள் வேறு.

வாரக் கணக்கை ஒரு நாள் கணக்காக எழுதுவது

இதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு விவசாயி, "வாரத்துக்கு 120 கிலோ வெண்டைக்காய் வரும்" என்று சொல்லியிருந்தார். பதிவை அழகுபடுத்தியவர் "வாரத்துக்கு" என்பதை வெட்டிவிட்டு, "120 கிலோ வெண்டைக்காய் தயார்" என்று போட்டார். சனிக்கிழமைக்கு மட்டும் 90 கிலோவுக்கு மேல் ஆர்டர் வந்தது.

வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். விட்டால் முற்றி நாரோடிவிடும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடியாமல் வளையும். அதனால் சேர்த்து வைத்து ஒரே நாளில் பறிக்க வழியில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு பறிப்புக்கு 40 கிலோ. சொத்தையும் முற்றலும் கழித்தால் 35 கிலோதான் தேறும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவர் பிஞ்சுகளையும் பறித்துப் போட்டார். பிஞ்சில் எடை நிற்காது. அன்றைய ஆர்டரும் நிறையவில்லை, அடுத்த பறிப்பும் சுருங்கிவிட்டது. காய் கிடைக்காதவர்கள் மறுபடி கேட்கவே இல்லை.

எழுதும் முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள். இந்த அளவு ஒரு பறிப்புக்கா, வாரத்துக்கா? கழிக்கும் முன்பா, கழித்த பின்பா? பதில் கிடைத்தபின் அந்தப் பதிவு இப்படி மாறும்:

"வெண்டைக்காய், சனிக்கிழமை காலைப் பறிப்பு, 35 கிலோ மட்டும். 1 கிலோ பை 40 ரூபாய். ஒருவருக்கு அதிகபட்சம் 2 கிலோ. வெள்ளி மாலை 6 மணிக்கோ, 35 கிலோ நிறைந்ததுமோ ஆர்டர் முடியும்."

ஆர்டர் பறிப்புக்கு முன்பே முடிவது முக்கியம். எவ்வளவு பறிக்க வேண்டும், மீதியை எங்கே அனுப்ப வேண்டும் என்று விவசாயி முதல் நாள் மாலையே தீர்மானித்துவிடலாம்.

"40 ரூபாய் முதல்"

"முதல்" வேண்டாம். ஒரு வகைக் காய்க்கு ஒரே விலை.

கொண்டுவந்து தரும் கூலியை மறைப்பது

காயின் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 2 கிலோவுக்கு 80 என்று நினைத்திருப்பவரிடம் வாசலில் 100 கேட்டால் பேச்சு வளரும், அடுத்த வீட்டுக்குத் தாமதமாகும்.

"நகர் முழுவதும் டெலிவரி"

வண்டி போகும் பகுதிகளின் பெயர்களை எழுதுங்கள். போகாத பகுதிக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ள ஓர் இடமும் நேரமும் கொடுங்கள்.

"தொடர்புக்கு அழைக்கவும்"

பறிப்பு நேரத்தில் விவசாயியின் கை போனில் இருக்காது. பெயர், முகவரி, எத்தனை கிலோ ஆகிய மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். அவர் "உறுதி" என்று பதில் அனுப்பிய பிறகே ஆர்டர் கணக்கில் சேரும் என்பதையும் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.