‘எங்கள் சர்வீஸ் பிடித்திருந்ததா?’ என்று கேட்டால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும்

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு கருத்துப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். டூ வீலர் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்காக எழுதியது. முதல் கேள்வியே ‘எங்கள் தரமான சர்வீஸ் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது?’ என்றிருந்தது. படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. வேலைக்கு வந்த புதிதில் நானும் இதே மாதிரி ஒரு கேள்வியை எழுதி, ஒருவருக்குப் பெரிய நஷ்டத்தை ஏற்படுத்தியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிவம் நீளமாக இருக்கக் கூடாது, எழுத்துப் பிழை கூடாது, ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்யக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பாராட்டைக் கேள்விக்குள்ளேயே வைப்பது

அப்போது நான் வேலை செய்ததும் ஒரு டூ வீலர் சர்வீஸ் சென்டருக்குத்தான். வண்டியை எடுத்துப்போன மூன்றாம் நாள் வாடிக்கையாளருக்குப் போன் போகும். போன் செய்கிறவர் வாசிப்பதற்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

‘எங்கள் அனுபவமிக்க மெக்கானிக்குகள் உங்கள் வண்டியைக் கவனமாகச் சர்வீஸ் செய்திருக்கிறார்கள். எங்கள் சேவையை எப்படி மதிப்பிடுவீர்கள்? அருமை, மிக நன்று, நன்று, சுமார்.’

மதிப்பெண் பிரமாதமாக வந்தது. ‘நன்று’ என்பதிலிருந்து மேலே எல்லாவற்றையும் திருப்தி என்று எண்ணினோம். ‘சுமார்’ என்று சொன்னவர்கள் மிகச் சிலர். மாதா மாதம் அந்த எண்ணை உரிமையாளர் சுவரில் ஒட்டினார். அதை நம்பியே, அதே ஆட்களையும் அதே வேலை முறையையும் வைத்து இரண்டாவது கிளையைத் திறந்தார்.

ஆனால் இலவச சர்வீஸ் முடிந்தவர்கள், காசு கொடுத்துச் செய்யும் சர்வீஸுக்குத் திரும்பி வரவில்லை. கூப்பன் இருக்கும்வரை வந்தார்கள், அதற்குப் பிறகு தெருமுனை மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, மதிப்பெண்தான் உச்சத்தில் இருக்கிறதே! கடைசியில் போன் பதிவுகளை உட்கார்ந்து கேட்டேன். ஒரு பதிவு இன்னும் காதில் இருக்கிறது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நான்கு பதில்களையும் கேட்டுவிட்டுச் சற்று யோசித்து, “நன்று” என்கிறார். அப்புறம் தயங்கி, “பின் பிரேக் மட்டும் இன்னும் கீச்சுனு சத்தம் போடுதுங்க” என்கிறார். போன் செய்த பெண், “சரிங்க சார், சொல்லிடறேன்” என்று வைத்துவிடுகிறார். அவர்மேல் தவறில்லை. அவர் படிவத்தில் பிரேக் சத்தத்தை எழுத இடமே இல்லை, ‘நன்று’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்.

அதே மாதிரி குறையோடு தொங்கிய ‘நன்று’கள் பல இருந்தன. சர்வீஸ் முடிந்த வண்டியை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்காமலே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சத்தம் அங்கேயே தெரிந்திருக்கும். என் கேள்வி அந்தக் குறையை எட்டு மாதம் மூடி வைத்தது.

அந்த ஒரு கேள்வியில் மூன்று தவறுகள் இருந்தன.

முதலாவது முன்னுரை. ‘அனுபவமிக்க’, ‘கவனமாக’ என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இனி ‘சுமார்’ என்று சொல்ல வேண்டுமானால் வாடிக்கையாளர் என்னை மறுத்துப் பேச வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பெண் மரியாதையாகப் பேசும்போது, பிரேக் சத்தத்துக்காக யார் மறுத்துப் பேசுவார்?

இரண்டாவது பதில் வரிசை. நான்கில் மூன்று பாராட்டு, நான்காவது ‘சுமார்’. ‘மோசம்’ என்ற சொல்லே கிடையாது. கோபமாக இருப்பவருக்கும் கடைசிப் புகலிடம் ‘சுமார்’தான், லேசாக வருத்தப்படுபவர் ‘நன்று’க்கு ஏறிவிடுவார்.

மூன்றாவது ‘எங்கள் சேவை’ என்ற பொதுச்சொல். எதைப் பற்றிக் கேட்கிறோம் என்றே தெரியாது. பிரேக்கையா, பில்லையா, உட்கார வைத்து டீ கொடுத்ததையா? தெளிவில்லாத கேள்விக்கு மரியாதையான பதில்தான் வரும்.

## ‘நன்றாக இருந்ததா?’

இது தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது. நாம் ‘ஆம்’ என்று அதிகம் சொல்வதில்லை, கேட்டவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்கிறோம். “சாப்பிட்டீங்களா?” என்றால் “சாப்பிட்டேன்.” “நல்லா இருந்துச்சா?” என்றால் “நல்லா இருந்துச்சு.” கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் நின்று “திருப்தியா சாப்டீங்களா?” என்று கேட்பவரிடம், சாம்பாரில் உப்பு அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு அங்கே ஒரு பதில்தான் உண்டு.

ஆகவே ‘-ஆ’ எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அந்தச் சொல்தான் பதிலாகத் திரும்பி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சர்வீஸ் நன்றாக இருந்ததா?’ என்பதை ‘சர்வீஸ் எப்படி இருந்தது?’ என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. ‘தானே’, ‘அல்லவா’, ‘இல்லையா’ மூன்றும் கருத்துக் கேள்வியில் வரவே கூடாது.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ‘எந்த அளவுக்குத் திருப்தி அடைந்தீர்கள்?’ என்ற கேள்வி நடுநிலையாகத்தான் தெரிகிறது. ஆனால் அதுவும் திருப்தி என்ற பக்கத்தில் காலூன்றி நின்றே கேட்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் பீட்டர்சன், வில்லியம் வில்சன் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். எந்த அளவு திருப்தி என்று கேட்டபோது 91 சதவீதம் பேர் திருப்திப் பக்கம் இருந்தார்கள், எந்த அளவு அதிருப்தி என்று கேட்டபோது அது 82 சதவீதம் ஆனது. சொல் ஒன்றைத் திருப்பியதிலேயே ஒன்பது புள்ளி போய்விட்டது. அதனால் இரண்டு பக்கத்தையும் கேள்வியிலேயே வைத்துவிடுவது நல்லது.

## மாற்றி எழுதியவை

தம்பியின் படிவத்தை உட்கார்ந்து இப்படி மாற்றினோம்.

முன்பு: ‘எங்கள் தரமான சர்வீஸ் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது?’
இப்போது: ‘இந்த முறை செய்த சர்வீஸில் உங்களுக்குத் திருப்தியா, அதிருப்தியா?’ பதில்கள்: மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, இரண்டும் இல்லை, ஓரளவு அதிருப்தி, மிகவும் அதிருப்தி.

முன்பு: ‘ஊழியர்கள் விரைவாகவும் அன்பாகவும் நடந்துகொண்டார்களா?’
இப்போது இது இரண்டு கேள்வி. ‘வண்டி எப்போது கிடைக்கும் என்று சொன்னார்கள், எப்போது கிடைத்தது?’ என்பது ஒன்று. ‘ஊழியர்கள் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள்?’ என்பது இன்னொன்று. விரைவு என்பதைக் கருத்தாகக் கேட்பதைவிட நேரமாகக் கேட்பது மேல். மாலை ஐந்து என்று சொல்லி ஏழுக்குக் கொடுத்தால், வாடிக்கையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரம் படிவத்தில் பதிவாகிவிடும்.

முன்பு: ‘உங்கள் வண்டியின் பிரச்சினைகளைச் சரியாகத் தீர்த்தோமா?’
இப்போது: ‘சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் சொன்ன குறைகளில் எவை சரியாகின, எவை சரியாகவில்லை?’ இதற்கு மட்டும் எழுதும் இடம் விட வேண்டும். அன்றைக்கு இந்தக் கேள்வி இருந்திருந்தால் பிரேக் சத்தம் முதல் மாதத்திலேயே வெளியே வந்திருக்கும்.

எழுதி முடித்ததும் நான் ஒன்று செய்வேன். படிவத்தோடு சம்பந்தமில்லாத நாலைந்து பேரிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, ‘கேட்டவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று தோன்றுகிறது?’ என்று கேட்பேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் கேள்வியைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

## மெக்கானிக் பக்கத்தில் நிற்கும்போது கேட்பது

வேண்டாம்.

## ‘பத்துக்குப் பத்து போடுங்க சார், இல்லேன்னா என் இன்சென்டிவ் போயிடும்’

இது வந்துவிட்டால் கேள்வியை எப்படி எழுதினாலும் பயனில்லை. மதிப்பெண்ணையும் ஊழியரின் பணத்தையும் முதலில் பிரிக்கச் சொல்லுங்கள்.

## பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒட்டுவது

கேள்வியைத் திருத்தியதும் மதிப்பெண் குறையும். அதைப் பழைய வரைபடத்திலேயே தொடர்ந்து போட்டால், சர்வீஸ் கெட்டுப்போனதாக உரிமையாளர் நினைப்பார். யாராவது ஒரு மெக்கானிக்குக்கு அநியாயமாக வேலை போகும். அல்லது, பழைய கேள்வியே நல்லது என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

இதற்கு வழி, ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான். 400 பேரின் பதில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 200 பேருக்குப் பழைய வாக்கியம், 200 பேருக்குப் புதிய வாக்கியம். பதில் வரிசை இருவருக்கும் அதே ஐந்துதான். கேள்வியையும் பதில் வரிசையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும். பழைய வாக்கியத்தில் 176 பேர் திருப்திப் பக்கம் என்றால் 88 சதவீதம். புதியதில் 148 பேர் என்றால் 74 சதவீதம். வித்தியாசம் 14 புள்ளி. இந்த அளவு ஆட்களை வைத்துப் பார்க்கும்போது ஏறத்தாழ 8 புள்ளி வரைக்கும் தற்செயலாகவே ஏறி இறங்கலாம். 14 அதைத் தாண்டுகிறது, அதனால் அது வாக்கியம் செய்த வேலை என்று தைரியமாகச் சொல்லலாம். வித்தியாசம் ஐந்தோ ஆறோ வந்திருந்தால் இன்னும் ஆட்களைக் கேட்காமல் எதுவும் சொல்லக் கூடாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். போன வருட எண்களிலிருந்தெல்லாம் 14-ஐக் கழித்து ‘உண்மையான’ மதிப்பெண் இதுதான் என்று எழுதாதீர்கள். வேலை நன்றாக நடக்கும் கிளையில் வாக்கியம் அதிகம் ஊத இடமிருக்காது, குறை உள்ள கிளையில்தான் அதிகம் ஊதும். வரைபடத்தில் ஒரு கோட்டை இழுத்து, ‘இங்கிருந்து கேள்வி மாறியது’ என்று எழுதிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

நடுநிலையான கேள்வி கேட்டாலும் ஒன்று மீதம் இருக்கும். போனை எடுக்காதவர்கள், பாதியில் வைத்துவிடுபவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எந்த வாக்கியமும் சொல்லாது. அதற்குத்தான் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் வைக்கச் சொல்கிறேன்: இலவச சர்வீஸ் முடிந்தவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்துத் திரும்பி வந்தார்கள்? மதிப்பெண் ஏறி இந்த எண் இறங்கினால், முதலில் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள்.

தம்பி இரண்டு படிவத்தையும் தயார் செய்துவிட்டார். போன் எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் பழையது, இரட்டைப்படையானால் புதியது. திங்கட்கிழமை முதல் அழைப்பு போகிறது. முதல் ஐம்பது பதிவுகளை நானே கேட்கப் போகிறேன், பதிலைச் சொன்ன பிறகு தயங்கித் தயங்கி என்ன சொல்கிறார்கள் என்று.